பரந்தாமன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு குறுகிய படிக்கட்டு உண்டு. அதில் ஏறினால் முதல் மாடியில் 'பூங்காவனம் சேலை மடிப்பகம்'. கல்யாணம், வளைகாப்பு, ரிசப்ஷன் என்று எதுவானாலும் கட்டப்போகிற சேலையை முன்னாலேயே கொடுத்துவிட்டால் போதும். முந்தானை மடிப்பு, கொசுவம் எல்லாம் அவரவர் உயரத்துக்கும் இடுப்புச் சுற்றுக்கும் ஏற்ப மடித்து, கிளிப் குத்தி, மெல்லிய துணி போட்டு இஸ்திரி செய்து, பெட்டியில் வைத்துத் தருவார்கள். மணமேடைக்குப் போகும்முன் ஐந்தே நிமிடத்தில் கட்டிக்கொள்ளலாம்.

கடை ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. நடத்துவது சுரேகா. மடிப்பது அவளும் அவள் மாமியார் பூங்காவனமும்.

போர்டில் என்ன பெயர் போடுவது என்று பேச்சு வந்தபோது சுரேகாதான் மாமியார் பெயரைச் சொன்னாள். "ஐயே, என் பேரா! எவ வருவா?" என்று பூங்காவனம் சிரித்தார். ஆனால் படிக்கட்டு வாசலுக்கு மேல் போர்டு மாட்டிய அன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், பஸ் ஸ்டாப்பில் நின்று, மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அந்தப் பெயர் எங்கும் தனியாக நின்றதில்லை. கல்யாணப் பத்திரிகையில் அடித்தாலும் கணவர் லோகநாதன் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, ஐம்பத்து நாலு வயதில், முதன்முறையாக நீலத்தில் மஞ்சள் எழுத்தாகத் தனியே நின்றது.

அந்தப் பெயரைத்தான் ஒருவன் சந்திக்கு இழுத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை. ஷிப்டுக்குப் போகும் முன் மனைவியைக் கடையில் இறக்கிவிட வந்த மோகன், படியேறும்போதே போனைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"சுரே, இன்னா இது? எவனோ பரந்தாமனாம். ஒரு ஸ்டார் போட்டுகீறான்."

திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மோகனின் போனிலும் கடையின் கூகுள் பக்கம் இருந்தது. யார் என்ன எழுதினாலும் அவனுக்கும் தகவல் வந்துவிடும். முதல் நாள் மாலை வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. சுரேகா வாங்கிப் படித்தாள்.

'வேலை தெரியாதவர்கள். கல்யாண வீட்டில் எங்கள் மானம் போனது. பூங்காவனம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதுமா? அந்தப் பெயரைப் பார்த்தாலே ஓடிவிடுங்கள்.'

படத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆள் பைக் மேல் சாய்ந்து நின்றார்.

"ஆம்பள எவன்டா பொடவ மடிக்கக் குடுத்தான் நம்மகிட்ட?" என்றார் பூங்காவனம். மேசைமேல் பட்டுச் சேலையை விரித்துக்கொண்டிருந்தவர், அதில் குத்தியிருந்த அளவுச் சீட்டை எடுத்து வழக்கம்போல் இடுப்பில் செருகிக்கொண்டு அருகில் வந்தார். இஸ்திரி ஆவி பட்டால் சீட்டின் மை பட்டில் இறங்கிவிடும் என்று, விரிக்கும்போதே சீட்டை எடுத்துவிடுவார். அதற்கென்று சுவரில் சேலைக்கு ஒன்றாகச் சுரேகா கொக்கிகள் அடித்துக் கொடுத்திருந்தாள். மாமியாருக்கு இடுப்புதான் வசதி. "இன்னா எழுதிகீது, படி."

சுரேகா மெதுவாகப் படித்தாள். கடைசி வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தாள். மோகன் அதையும் சேர்த்துப் படித்துவிட்டான்.

பூங்காவனத்தின் முகம் சுருங்கியது. மேசைக்குத் திரும்பிப் போனார்.

அதற்குள் கடை போனின் வாட்ஸ்அப்பில் இன்னொன்றும் காத்திருந்தது. அதுவும் முதல் நாள் இரவே வந்தது. தெரியாத வெளிநாட்டு எண். 'மேடம், உங்கள் கடைக்கு மோசமான ரிவ்யூ வந்துள்ளது. எங்களால் நீக்க முடியும். பன்னிரண்டாயிரம் மட்டும். இல்லையென்றால் இன்னும் வரும்.'

படித்து முடிக்கும் நேரத்தில் மோகனின் போன் நான்கு முறை அடுத்தடுத்து மணி அடித்தது. நான்கு புதுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நட்சத்திரம். இரண்டில் எழுத்தே இல்லை. மற்ற இரண்டில் 'ரொம்ப மோசம்' என்பதுதான் மொத்தமும். ஒருவன் பெயரைப் பார்த்தால் தமிழ்நாட்டுப் பக்கமே வந்திருக்கமாட்டான் போலிருந்தது.

"பாத்தியா! ஒரே கும்பல்!" என்று மோகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மொதல்ல பரந்தாமனை வுட்டு ஆழம் பாத்துகீறானுங்க. இருடி, நான் குடுக்கறேன் அவனுக்கு."

கட்டைவிரல் இரண்டும் பறக்க எழுதினான். எழுதி முடித்ததும் வழக்கம்போல் மனைவியிடம் நீட்டினான். அவன் தமிழில் தட்டினால் ஒற்றும் கொம்பும் இடம் மாறிவிடும். கல்யாணத்துக்கு முன் அவன் அனுப்பிய முதல் காதல் செய்தியைக்கூடத் திருத்தித் திருப்பி அனுப்பியவள் சுரேகா. அந்தப் பழக்கம் இன்று கடையைக் காப்பாற்றியது.

'டேய் போலிப் பரந்தாமா. நீ சேலையே குடுக்கலை. பணம் புடுங்கும் பிராடு கும்பல் நீ. சைபர் கிரைமில் கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சு. உன் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்.'

"ஒற்றெல்லாம் சரியா கீதா?"

"ஒற்று சரியா இருக்குங்க. மத்ததுதான் ஒண்ணும் சரியில்லை" என்று சொல்லி அழித்துவிட்டாள் சுரேகா.

"ஏய்!"

"நம்ம இன்னும் கம்ப்ளெயின்ட் குடுக்கலை. அது பொய். இந்த ஆளு சேலை குடுக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அது ஊகம். பொய்யையும் ஊகத்தையும் கடை பேர்ல போட்டுட்டு, அவன் பொய் சொல்றான்னா யாரு நம்புவா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியவள் சுரேகா. ஒருநாளைக்கு எழுபது எண்பது. திட்டுபவர், சபிப்பவர், மிரட்டுபவர் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. அங்கே அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. பலர் பார்க்கும் இடத்தில் எழுதுகிற பதில், திட்டியவருக்கு மட்டும் போவதில்லை. நாளைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து, இவர்களை நம்பிப் பட்டுச்சேலையைக் கொடுக்கலாமா என்று யோசிக்கப்போகிற ஒரு பெண்ணுக்கும் போகிறது. அவளுக்கு யார் வென்றார்கள் என்பது முக்கியமில்லை. தனக்கு ஒரு குறை வந்தால் இவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதுதான் முக்கியம்.

"அப்ப அந்தப் பன்னெண்டாயிரத்தைக் குடுத்துத் தொலைக்கலாமா?" என்றான் மோகன் ஆத்திரத்துடன்.

"குடுத்தா அடுத்த மாசம் இருபது கேப்பான். ஒரு பைசா கிடையாது. அவனுக்கு 'ம்'னு கூடப் பதில் போடாதீங்க."

அப்போது மேசையருகிலிருந்து பூங்காவனம் பேசினார். குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது.

"மோகனு. போர்டு எழுதினானே பாபு, அவனை வரச் சொல்லு. என் பேர எடுத்துரட்டும். சுரேகான்னு போட்டுக்கோங்க. என் பேரால உங்களுக்கு இன்னாத்துக்கு அசிங்கம்?"

"அம்மா!"

"வேற ஒண்ணும் பேசாத. பேரைப் பாத்தாலே ஓடுங்கன்னு ஊரு உலகத்துக்கே எழுதிகீது. நான் இதைப் பாத்துகினு படி ஏறணுமா?"

கடைக்கு வந்த அடி சுரேகாவுக்குப் பழக்கமான அடி. மாமியாருக்கு விழுந்தது வேறு. அவள் போய் அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வாங்கி நிறுத்தி வைத்தாள்.

"அத்தை, ஒரு வாரம் குடுங்க. இது முடியற வரைக்கும் போர்டு மேல யாரும் கை வைக்கக் கூடாது. அப்புறமும் எடுக்கணும்னு சொன்னீங்கன்னா நானே ஏறி எடுக்கறேன்."

"நீ ஏறுவியா? ஸ்டூல் மேல நின்னாலே தலை சுத்துதும்ப."

"அதனாலதான் ஒரு வாரம் கேக்கறேன்."

பூங்காவனத்துக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஒரு வாரம்தான்" என்றார்.

மோகனை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, சுரேகா உட்கார்ந்தாள். முதலில் வாட்ஸ்அப் மிரட்டலை எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். ஐந்து ரிவ்யூக்களையும் அப்படியே எடுத்து வைத்தாள். பிறகு பதிவு நோட்டைத் திறந்து எட்டு மாதத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பரந்தாமன் இல்லை. மற்ற நான்கு பெயரும் இல்லை.

மாலையில் வந்த மோகன், "அஞ்சையும் சேத்து ரிப்போர்ட் பண்ணிடு" என்றான்.

"நாலு மட்டும்."

"ஏன், பரந்தாமன் உன் மாமனா?"

"கேளுங்க. அந்த நாலும் மிரட்டல் வந்த அப்புறம் இன்னைக்குக் காலைல வந்தது, நாலு நிமிஷத்துக்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணா. 'இன்னும் வரும்'னு சொன்னான், வந்துடுச்சு. பரந்தாமன் எழுதினது நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. மிரட்டல் ஒன்பதேகாலுக்கு. ஒரு கெட்ட ரிவ்யூ வந்த கடையாப் பாத்து இவனுங்க வலை போடுவானுங்களாம். இதைப் பாத்துட்டுக் கூட வந்திருக்கலாம் இல்லையா?"

"அப்ப அவன் நெஜம்னு சொல்றியா?"

சுரேகா உண்மையையே சொன்னாள். "நூத்துக்குத் தொண்ணூறு பொய்னுதான் எனக்கும் தோணுது. அந்த மிச்சப் பத்துக்காகத்தான் யோசிக்கறேன். 'கல்யாண வீட்டில்'னு எழுதியிருக்கு. பணத்துக்கு எழுதறவன் அப்படி எழுதுவானா?"

நான்கையும் போலி என்று ரிப்போர்ட் செய்தாள். மிரட்டிப் பணம் கேட்பதைப் புகார் செய்வதற்கென்றே கூகுளில் ஒரு படிவம் இருந்தது. ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து அதையும் அனுப்பினாள். சைபர் கிரைம் தளத்தில் எண்ணைக் கொடுத்துப் புகாரைப் பதிவு செய்தாள். இது எதையும் கடைப் பக்கத்தில் எழுதவில்லை. நான்கு பேருக்கும் தனித்தனியாக இரண்டே வரி: உங்கள் பெயரில் எங்களிடம் பதிவு கிடைக்கவில்லை, வேறு பெயரில் கொடுத்திருந்தால் தயவுசெய்து அழையுங்கள், பார்க்கிறோம்.

பரந்தாமனுக்குத்தான் நேரம் எடுத்தது. மூன்று முறை எழுதி அழித்தாள். 'எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள்' என்று ஒரு வரி வந்தது. அது குத்தல் என்று எடுத்துவிட்டாள். 'நீங்கள் யாரென்றே தெரியவில்லை' என்று வந்தது. அதில் சந்தேகம் எட்டிப் பார்த்தது. கடைசியில் நின்றது இதுதான்:

'வணக்கம். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் வேலையால் சங்கடம் ஏற்பட்டிருந்தால் மிகவும் வருந்துகிறோம். உங்கள் பெயரில் எங்கள் நோட்டில் பதிவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டில் வேறு யாராவது மொத்தமாகக் கொடுத்திருக்கலாம். பெட்டியில் உள்ள எண்ணையோ கொடுத்த தேதியையோ கீழே உள்ள கடை எண்ணில் சொன்னால், என்ன நடந்தது என்று நாங்களே பார்த்துச் சொல்கிறோம். சுரேகா, பூங்காவனம் சேலை மடிப்பகம்.'

மோகன் படித்துவிட்டு, "அவன் செருப்பால அடிச்சிகீறான், நீ காபி போட்டுக் குடுக்கற" என்றான்.

"காபி இல்லைங்க. கதவு. திறந்து வெச்சிருக்கேன், அவ்வளவுதான். வந்தா வரட்டும்."

"உன்னை எதுத்து மூணு வருஷம் கம்ப்ளெயின்ட் எழுதினவனுங்க எல்லாம் பாவம்டி" என்றான் மோகன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவனே தோசை வார்த்தான்.

புதன்கிழமை மதியம் தஸ்லீம் வந்தாள். பூந்தமல்லியில் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். கடைக்கு வரும் மணப்பெண்களில் பாதிப் பேர் அவள் அனுப்புபவர்கள்தான்.

"அக்கா, பாத்தேன். எனக்கே வயிறு எரியுது. ஒரு வார்த்தை சொல்லுங்க, என் குரூப்ல நூறு பொண்ணுங்க இருக்குதுங்க. சாயங்காலத்துக்குள்ள நூறு அஞ்சு ஸ்டார் போட வெக்கறேன். அந்தாளு ரிவ்யூ எங்க கிடக்குன்னு தேடணும்."

"நூறு பேர்ல எத்தனை பேரு நம்மகிட்ட சேலை குடுத்தாங்க தஸ்லீம்?"

"ஒரு பதினஞ்சு, இருபது இருக்கும்."

"மிச்சம் எண்பது பேரும் பொய்தானே எழுதுவாங்க? அப்புறம் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? குடுத்தவங்க தானா எழுதினா எழுதட்டும். யாரையும் கேக்க வேணாம்."

தஸ்லீம் உதட்டைப் பிதுக்கினாள். "நீங்க ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க, பிழைக்க மாட்டீங்க. சரி, இதையும் சொல்லிடறேன். சனிக்கிழமை இருபத்திரண்டு சேலை தர்றதா சொன்னாங்களே லத்தீஃபா மாமி, அவங்களும் பாத்துட்டாங்க. 'யோசிச்சுச் சொல்றேன்'னுட்டாங்க."

மேசையருகில் பூங்காவனத்தின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மீண்டும் ஓடியது. அன்று மாலை படியிறங்கும்போது மாமியார் போர்டை நிமிர்ந்து பார்க்காமல் நடந்ததை சுரேகா கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடை போன் அடித்தது. பெண் குரல். தயங்கித் தயங்கி வந்தது.

"இது... பூங்காவனம் கடைங்களா? நான் வெள்ளானூர்லேர்ந்து பவித்ரா பேசறேன். அந்த ரிவ்யூ... நான்தான் எழுதினேன்."

சுரேகா சட்டென்று எழுந்து நின்றாள். "சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரர் போன்லேர்ந்து எழுதினேன். என் போன்ல டேட்டா இல்ல. அவர் பேர்ல போயிடுச்சு. நீங்க பதில் போட்டது அவர் மெயிலுக்கு வந்து, 'நான் எங்கடி பொடவை குடுத்தேன், ஆபீஸ்ல எல்லாரும் பாத்தா என்னை இன்னான்னு நெனைப்பாங்க'னு ரெண்டு நாளா ஒரே சண்டை."

சிரிப்பு வந்தது சுரேகாவுக்கு, விழுங்கிக்கொண்டாள். "சேலை யார் பேர்ல குடுத்தீங்கம்மா?"

"எங்க பெரியம்மா அன்னம்மாள். கல்யாண வீட்டுச் சேலை மொத்தம் பதினொண்ணையும் அவங்கதான் ஒரே பையில எடுத்தாந்தாங்க."

நோட்டில் இருந்தது. 'வெள்ளானூர் அன்னம்மாள், பதினொன்று.' மோகன் எழுதியதை அன்று அனுப்பியிருந்தால்? 'போலிப் பரந்தாமா' என்று இந்தப் பெண்ணின் புருஷன் பெயரைச் சொல்லி, கடை பெயரில்?

"என்ன ஆச்சும்மா? எதையும் மறைக்காம சொல்லுங்க."

"நான் கொஞ்சம் பருமனா இருப்பேங்க்கா" என்றது குரல். "தங்கச்சி ரிசப்ஷன். எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல கட்டிக்கினு போயிட்டாங்க. நான் அந்த மாங்காய்க் கரை அரக்குப் பட்டைச் சுத்தினா கொசுவம் முன்னாடி வராம இடுப்புப் பக்கத்துல வந்து நிக்குது. மடிப்பைப் பிரிச்சுக் கட்ட வேண்டியதாயிடுச்சு. 'உன் சைஸுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க'ன்னு எல்லாரும் ஒரே சிரிப்பு. போட்டோவுல நான் இல்லவே இல்ல. அந்த எரிச்சல்ல எழுதிட்டேன். நீங்க திருப்பித் திட்டுவீங்கன்னு பாத்தேன். வருந்தறோம்னு எழுதியிருந்தீங்க. அதான் கூப்பிட்டேன்."

"நல்லது பண்ணீங்கம்மா. ஒரு பத்து நிமிஷம் குடுங்க. பாத்துட்டு நானே கூப்பிடறேன்."

சேலை வரும்போதும் போகும்போதும் அளவுச் சீட்டோடு சேர்த்துப் படம் எடுப்பது சுரேகாவின் வழக்கம். தேடி எடுத்தாள். பதினொன்றில் அரக்கு நிறப் பட்டு இரண்டு இருந்தன. வந்தபோது எடுத்த படத்தில் மாங்காய்க் கரை போட்டதில் ஏழாம் எண் சீட்டு. கட்டம் போட்டதில் ஒன்பது. திருப்பிக் கொடுத்தபோது எடுத்த படத்தில் மாங்காய்க் கரையில் ஒன்பது, கட்டத்தில் ஏழு.

சீட்டு மாறியிருந்தது. பவித்ராவின் சேலையை ஒல்லியான யாருடைய அளவுக்கோ மடித்திருக்கிறார்கள். மற்றவளுக்குச் சுற்று மிஞ்சியிருக்கும். மிஞ்சினால் உள்ளே செருகிச் சமாளித்துவிடலாம். பற்றாவிட்டால் வழியே இல்லை.

சுரேகா நிமிர்ந்து பார்த்தாள். பூங்காவனம் அடுத்த சேலைக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் இரண்டு சீட்டுகள் எட்டிப் பார்த்தன.

எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பூங்காவனம் தானாக வந்து போனை எட்டிப் பார்த்தார். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கை மெல்ல இடுப்புக்குப் போனது. இரண்டு சீட்டுகளையும் உருவி மேசைமேல் வைத்தார்.

"நான்தான்" என்றார்.

"அத்தை..."

"நான்தான்டி. ரெண்டும் அரக்கு. ரெண்டு சீட்டும் இங்கதான் இருந்துச்சு." கதவுப் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு அளுதுச்சா?"

"அழலை. அழுத மாதிரிதான் இருந்துச்சு."

பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டிய எடு. வெள்ளானூர் போலாம்."

"கூப்பிட்டு, வரலாமான்னு கேக்கணும் அத்தை."

"கேளு. கேட்டுட்டு எடு."

பவித்ராவின் வீடு, ஆவடியிலிருந்து வெள்ளானூருக்குள் போகும் வழியில், புதிதாகக் கட்டிய வரிசையில் இரண்டாவது. வாசலிலேயே பரந்தாமன் நின்றிருந்தார். அதே கறுப்புக் கண்ணாடி. "வாங்கம்மா. ரிவ்யூ போட்ட பரந்தாமன் நான்தான், போடாத பரந்தாமனும் நான்தான்" என்றார் பரிதாபமாக. உள்ளேயிருந்து பவித்ரா, "உங்களை யாரு கேட்டா இப்ப?" என்றாள்.

சேலை கட்டிலில் கிடந்தது. பூங்காவனம் உட்காரவில்லை. தண்ணீர் கூட வாங்கவில்லை.

"கண்ணு, உன் மேல ஒரு தப்பும் இல்ல. உன் உடம்பு மேலயும் தப்பு இல்ல. சீட்டை மாத்தி வெச்சவ நானு. யார் சிரிச்சாங்களோ அவங்ககிட்ட சொல்லு, மடிச்சவ தப்பா மடிச்சான்னு. நம்பலைன்னா என்னைக் கூப்புடு, நான் வந்து சொல்றேன்."

பவித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருவார்கள், சமாதானம் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருப்பாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை மறுவீட்டு விருந்து இருக்குதுங்க" என்றாள் மெதுவாக.

"அதுக்கு இதையே கட்டு."

கூடத்துத் தரையில் சுத்தமான விரிப்பைப் போட்டு, பவித்ராவை நிற்க வைத்து, பூங்காவனம் தானே மறுபடி அளந்தார். ஒரு மணி நேரம் வேலை நடந்தது. சுரேகா ஒரு நுனியைப் பிடிக்க, பூங்காவனத்தின் விரல்கள் கொசுவத்தை அடுக்கின. கட்டிப் பார்த்தபோது ஏழு மடிப்பும் நேர் முன்னால், தொப்புளுக்குக் கீழே, கோடு போட்டதுபோல் விழுந்தன. பவித்ரா கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினாள். பரந்தாமன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"போட்டோ எடுங்களேன், வேடிக்கை பாத்துகினு" என்றாள் பவித்ரா, வெட்கத்தோடு.

மடிப்புக் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பும்போது பவித்ரா, "அந்த ரிவ்யூவை எடுத்துடறேங்க்கா" என்றாள்.

சுரேகா தலையசைத்தாள். "அதுக்காக வரலைம்மா. எடுக்கறதும் வெக்கறதும் உங்க இஷ்டம். நடந்ததை எழுதினீங்க. எங்க பதிலை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதிக்கறேன். சீட்டு மாறிடுச்சுன்னு மட்டும் போடறேன். உங்க பேரு, அளவு, எதுவும் வராது. சரிங்களா?"

"சரிங்க்கா."

அன்று மாலை கடையில் மோகனும் இருந்தான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "அன்னைக்கு நான் மட்டும் அனுப்பியிருந்தா..." என்று ஆரம்பித்தவன், முடிக்காமல் தலையைச் சொறிந்தான்.

"அதான் உங்களுக்கு ஒற்று வராம இருக்கறது நல்லதுன்னு நான் எப்பவும் சொல்றது" என்றாள் சுரேகா. பழைய பதிலைத் திறந்து, திருத்தி எழுதி, உரக்கப் படித்தாள்.

'வணக்கம். எங்களை அழைத்துப் பேசியதற்கு நன்றி. பார்த்தோம், தவறு எங்களுடையதுதான். இரண்டு சேலைகளின் அளவுச் சீட்டு எங்கள் கையில் மாறிவிட்டது. உங்கள் வீட்டு விசேஷ நாளில் இப்படி ஆனதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். இனி இஸ்திரி முடியும்வரை சீட்டு அந்தந்தச் சேலையின் கொக்கியில் மட்டுமே இருக்கும்.'

"அவ்ளோதானா?" என்றார் பூங்காவனம்.

"அவ்வளவுதான் அத்தை. கீழே சுரேகான்னு போட்டு..."

"வேணாம்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பூங்காவனம் இடுப்பிலிருந்து ஒரு சீட்டை உருவி, சுவரில் இருந்த கொக்கிகளில் ஒன்றில் மாட்டினார். எட்டு மாதத்தில் அந்தக் கொக்கிகளுக்கு வந்த முதல் சீட்டு அது.

"கீழ என் பேர போடு. மாத்தினவ நானு. போய்ச் சரி பண்ணவளும் நானு. பூங்காவனம்னு போடு."

"அப்ப போர்டு?" என்றான் மோகன்.

"போர்டுக்கு இன்னா? நல்லாத்தானே கீது."

சுரேகா எழுதினாள். 'பூங்காவனம்.' முன்னாலும் பின்னாலும் வேறு பெயர் எதுவும் இல்லாமல், தனியாக.

சனிக்கிழமை காலை லத்தீஃபா மாமி நேரிலேயே வந்தார். இருபத்திரண்டு சேலைகளையும் மேசைமேல் வைத்துவிட்டு, "பூங்காவனம் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நான் எந்தக் கடைக்குப் போனாலும் நல்லதா எழுதினதைப் படிக்க மாட்டேன். மோசமா எழுதினதையும், அதுக்குக் கடைக்காரங்க என்ன சொன்னாங்கன்றதையும்தான் படிப்பேன்" என்றார் மாமி. "நேத்து ராத்திரி உங்களுதைப் படிச்சேன். என் மக சேலையை நீங்களே மடிங்க."

அந்த நான்கு ரிவ்யூக்களில் மூன்று பத்து நாளில் காணாமல் போயின. ஒன்று மட்டும் நின்றது. சுரேகா மேல்முறையீடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். மிரட்டியவன் யாரென்று தெரியவேயில்லை. பதில் கிடைக்காமல் வேறு கடை தேடிப் போயிருப்பான்.

மறுவீட்டு விருந்து முடிந்த திங்கட்கிழமை மோகனின் போன் மணி அடித்தது. பரந்தாமன் பெயரிலிருந்த ரிவ்யூ மாறியிருந்தது. பழையதை அழிக்காமல் கீழே சேர்த்திருந்தது: 'தப்பு நடந்தது உண்மை. கேட்டதும் வீட்டுக்கே வந்து ஒத்துக்கொண்டு சரி செய்தார்கள். நேற்று விருந்தில் எல்லா போட்டோவிலும் நான் இருக்கிறேன்.' ஒன்றாக இருந்த நட்சத்திரம் மூன்றாகியிருந்தது.

"மூணுதானா?" என்றான் மோகன். "அஞ்சு போடக் கூடாதா அந்தப் பொண்ணு?"

"எதுக்குப் போடும்? மூணுக்குத்தான் வேலை பாத்தோம்" என்றார் பூங்காவனம். "அந்த மூணும் நான் சம்பாதிச்சது. எங்க, காட்டு."

போனை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் பதிலையும் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு போனைக் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த ஈரத் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க அத்தை?"

"போர்டு மேல ரோட்டுத் தூசி எவ்ளோ கீதுன்னு பாரு. நீ வராத, உனக்குத் தல சுத்தும். டேய் மோகனு, ஸ்டூலைப் பிடி."